தூணில் இருப்பது யாழா, வீணையா?

கேள்வி: பழைய பாட்டும் கோயில் சிற்பமும் யாழைப் பத்தி என்ன சொல்லுது? நம்ம நெல்லைப் பக்கச் சிலைகள்ல இருக்கிறது யாழ்தானா?

தாமிரபரணிக் கரையில் ஒரு கோயில். நாயக்கர் காலத் தூண் ஒன்றில், நரம்புக் கருவியை மார்போடு சாய்த்துப் பிடித்த பெண். சுற்றிக் காட்டிய அண்ணாச்சி, "இதான் சார் யாழ்" என்றார். நானும் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். வீட்டில் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தால், கருவியின் கழுத்தாக நேரான தண்டி. அதன் மேலேயே நெடுக நரம்புகள். வீணைதான் அது.

யாழின் கழுத்தான கோடு வில் போல வளைந்து மேலே எழும். நரம்புகள் அடியில் இருக்கும் பத்தல் என்ற குடைந்த உடலிலிருந்து கோட்டுக்குக் குறுக்காக ஓடும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளத்தில். ஆகவே கோட்டுக்கும் நரம்புக்கும் நடுவே வெற்றிடம் இருக்கும். சிலையில் முதலில் தேட வேண்டியது அதைத்தான். கி.பி. 2ஆம் நூற்றாண்டை ஒட்டிய அமராவதிப் புடைப்புச் சிற்பங்களில் இந்த வளைவு தெளிவாகத் தெரியும். நாயக்கர் காலத்துச் சிற்பியோ கண்ணால் பார்த்தது வீணையை; அதைத்தானே செதுக்குவார்?

கல்லில் தெரியாத நுணுக்கம் பாட்டில் கிடைக்கிறது. கரிகாலனைப் பாடும் பொருநராற்றுப்படை, யாழின் கோட்டைத் தலை தூக்கிய பாம்பு என்கிறது. பத்தலை மூடும் போர்வைத் தோலுக்கு விளக்குச் சுடரின் நிறம். எனக்கு மிகவும் பிடித்தது 'மாயோள் முன்கை ஆய்தொடி கடுக்கும்' என்ற வரி. கரிய பெண்ணின் முன்கையில் வளையல் அடுக்கியது போலக் கோட்டில் வரிசையாகக் கட்டியிருப்பவை திவவுகள், அதாவது வார்க்கட்டுகள். நரம்பின் மேல்முனை அதில்தான் கட்டப்பட்டிருக்கும். அதே பாட்டில் நண்டின் கண்ணைப் போன்ற ஆணியும் வரும். அதை நரம்பை முறுக்கிச் சுருதி சேர்க்கும் பிரடை என்று நினைத்துவிடக் கூடாது. அது பத்தலின் துளையை அடைக்கும் ஆணி.

பிரடை இல்லாமல், வெறும் வார்க்கட்டுகளை வைத்து எப்படிச் சுருதி சேர்ப்பது என்று கேட்கலாம். பர்மாவின் சௌங் யாழைப் பாருங்கள். படகு போன்ற உடல், மான்தோல் போர்வை, வளைந்த கழுத்து, அதில் சிவப்புக் கயிற்றுக் கட்டுகள். அந்தக் கட்டைத் திருகி நகர்த்தித்தான் பழைய வழக்கப்படி நரம்பை ஏற்றி இறக்குவார்கள். திவவும் ஏறத்தாழ இப்படித்தான் வேலை செய்திருக்கும் என்பது என் எண்ணம்.

சிக்கலும் இங்கேதான். யாழில் ஒரு நரம்புக்கு ஒரு சுரம். பண் மாறினால், மாறுகிற சுரத்துக்குரிய நரம்பையெல்லாம் திவவை அசைத்துத் திரும்பச் சேர்க்க வேண்டும். வீணையில் அந்தப் பாடு இல்லை, தண்டியின் மேல் குறுக்கே பதித்த மெட்டுகளில் விரலை அடுத்ததற்கு நகர்த்தினால் போதும். யாழ் ஒதுங்கிப் போனதற்கு இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். அந்தத் தூண் பெண்ணின் இடக்கை விரல்களும் தண்டியின் மேல் அழுத்தியபடிதான் இருக்கின்றன.