20×30 பிரிண்டுக்குக் கொடுக்கும் முன் எடிட்டை எப்படிப் பார்க்கிறேன்

கேள்வி: ஸ்கிரீனில் எடிட் நன்றாகத்தான் இருக்கிறது. பெரிதாகப் பிரிண்ட் போட்டு வந்ததும் பிழைகள் கண்ணில் படுகின்றன. 100% ஸூம் பண்ணிப் பார்த்தால் போதாதா, வேறு என்ன பார்க்க வேண்டும்?

போதாது. 100%இல் பிடிபடும் பிழை ஒன்று, படத்தைச் சின்னதாக்கினால் பிடிபடும் பிழை வேறொன்று, தாளில் வந்தால் மட்டுமே தெரியும் பிழை இன்னொன்று. மூன்றையும் பார்க்க வேண்டும். எந்த வரிசையில் பார்க்கிறோம் என்பதும் முக்கியம்: முதலில் சின்னதாக, அப்புறம் 100%இல், கடைசியாகத் தாளில்.

நான் கொழும்பில் கலியாணப் படங்கள் ரீடச் செய்கிறேன். எங்களிடம் அடிக்கடி வரும் ஒரு வகைப் படத்தையே எடுத்துக்கொள்கிறேன். மாலை நேரம், காலிமுகத்திடல், பின்னால் கடல். மணமகள் அரக்குச் சிவப்புக் கூறைச் சேலையில், மணமகன் பட்டு வேட்டியில். ஒரு பக்கம் இறால் வடை வண்டி, புல்லில் ஆட்கள், வானத்தில் பட்டங்களும் அவற்றின் நூல்களும். எடிட்டில் வண்டியையும் ஆட்களையும் எடுத்தாயிற்று, நூல்களை அழித்தாயிற்று, வானத்தைக் கொஞ்சம் இருட்டாக்கி முகங்களுக்கு வெளிச்சம் கொடுத்தாயிற்று. ஃபைல் 6000×4000 பிக்சல். வரவேற்பறையில் மாட்ட 20×30 அங்குலத்தில் வேண்டும் என்கிறார்கள்.

முதலில் படத்தை ஸ்கிரீனில் தீப்பெட்டி அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஃபோட்டோஷாப்பில் Window > Arrange போனால் அதே படத்தை இன்னொரு ஜன்னலில் திறக்க வழி இருக்கிறது. அந்த இரண்டாவது ஜன்னலைச் சின்னதாக ஒரு மூலையில் வைத்துக்கொண்டால், நீங்கள் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் அங்கேயும் உடனே தெரியும். இந்த அளவில் சேலைக் கரையும் தெரியாது, கண் இமையும் தெரியாது. வெளிச்சமும் இருட்டும் எங்கே கிடக்கின்றன என்பது மட்டும்தான் தெரியும். பார்க்க வேண்டியதும் அதைத்தான்.

நமது படத்தில் இங்கே தெரிய வாய்ப்புள்ள பெரிய பிழை, இருவரின் தலையையும் தோளையும் சுற்றி நிற்கும் வெளிறிய வளையம். வானத்தை இருட்டாக்கும்போது மாஸ்க்கின் ஓரத்தை மென்மையாக விட்டதால் வருவது. 100%இல் இதைக் காண்பது மிகக் கஷ்டம். அந்த வளையம் நூறு, நூற்றைம்பது பிக்சல் அகலத்துக்கு மெதுவாக மங்கிப் போகும். கிட்டப் போய்ப் பார்க்கும்போது அது வானத்தின் இயல்பான நிறமாற்றம் போலவே இருக்கும், ஓரம் என்று ஒன்று கண்ணுக்குக் கிடைக்காது. படத்தைச் சுருக்கினால் அந்த நூற்றைம்பது பிக்சலும் சில பிக்சலாக ஒடுங்கிக் கோடாகிவிடும், உடனே தெரியும். சுவரில் மாட்டிய படத்தை அறையின் மறுபக்கத்தில் இருந்து பார்ப்பவருக்கும் இதுதான் தெரியும். மாஸ்க்கின் ஓரத்தை உடம்பை ஒட்டி இறுக்கினால் போய்விடும். தலைமுடிப் பக்கம் மட்டும் கொஞ்சம் மென்மையாக விடுங்கள்.

அடுத்தது கடல் கோடு. மணமகளுக்கு இடப்பக்கம் தெரியும் கோடும் மணமகனுக்கு வலப்பக்கம் தெரியும் கோடும் ஒரே நேரில் இருக்க வேண்டும். வண்டியை எடுத்துவிட்டு அந்த இடத்தைக் கடலால் நிரப்பியிருந்தால் கோடு ஒரு பக்கம் ஏறியோ இறங்கியோ இருக்கலாம். நடுவில் இரண்டு பேர் மறைத்து நிற்பதால் பெரிதாகப் பார்க்கையில் இரு பக்கமும் ஒருசேரக் கண்ணுக்கு வராது. சின்னதாக்கிப் பார்த்துவிட்டு, சந்தேகம் வந்தால் ரூலரில் இருந்து ஒரு கைடு இழுத்து வைத்துப் பாருங்கள். முகம் வெளிச்சமாகிக் கழுத்தும் கையும் கறுத்து நிற்பதும் இந்த அளவில்தான் நன்றாகத் தெரியும். படத்தை இடம்வலமாக ஒருமுறை திருப்பிப் பார்ப்பதும் உதவும், பழகிப்போன கண்ணுக்கு அது புதிய படம்.

இதை ஏன் முதலில் செய்யச் சொல்கிறேன் என்றால், இங்கே கிடைக்கும் பிழைகளைத் திருத்துவது பெரிய வேலை. 100%இல் உட்கார்ந்து புல்லையும் முடியையும் சீராக்கிய பிறகு வானத்து மாஸ்க்கைத் தொட்டால் அந்த நுண்வேலையில் பாதி வீணாகும்.

சரி, இப்போது 100%. Ctrl+1 அழுத்தினால் படத்தின் ஒரு பிக்சல் ஸ்கிரீனின் ஒரு பிக்சலுக்குச் சரியாக வரும். 67% மாதிரி இடைப்பட்ட அளவுகளில் மென்பொருள் பிக்சல்களைக் கலந்து காட்டுவதால் இல்லாத கோடு தெரியும், இருக்கும் கோடு மறையும். அதனால் அவற்றை நம்ப வேண்டாம். Home அழுத்தினால் படத்தின் இடது மேல் மூலைக்குப் போகும். Page Down ஒரு திரை கீழே இறக்கும், Ctrl+Page Down ஒரு திரை வலப்பக்கம் நகர்த்தும். இப்படிப் பத்தி பத்தியாகப் படம் முழுவதையும் பார்த்து முடியுங்கள். மவுஸால் இழுத்துக்கொண்டு போனால் கண் முகங்களுக்கே திரும்பத் திரும்பப் போகும், ஓரங்கள் தப்பிவிடும்.

வண்டி இருந்த புல்வெளியில் ஒரே புற்குத்து இரண்டு மூன்று இடத்தில் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். வானத்தில் நூலை அழித்த தடத்தைப் பாருங்கள். மாலை வெளிச்சத்தில் எடுத்த படத்தில் வானம் முழுக்க மெல்லிய மணல் மாதிரி நொய்ஸ் இருக்கும். மென்மையான பிரஷ்ஷால் அழித்த இடத்தில் மட்டும் அந்த மணல் இல்லாமல் வழுவழுவென்று ஒரு பட்டை நிற்கும். பிரஷ்ஷின் ஓரத்தைக் கடினமாக்கி மறுபடி செய்தால் பெரும்பாலும் சரியாகும். இல்லையென்றால் அந்த இடத்துக்கு மட்டும் அதே அளவு நொய்ஸ் சேர்க்க வேண்டும். பட்டை கண்ணுக்குப் பிடிபடாவிட்டால், எல்லா லேயருக்கும் மேலே ஒரு Curves லேயர் போட்டு கோட்டை மிகச் செங்குத்தாக்குங்கள். வானம் பார்க்கச் சகிக்காமல் போகும், ஆனால் ஒட்டுப் போட்ட இடங்களும் சென்சார் தூசிப் புள்ளிகளும் பளிச்சென்று வெளியே வரும். பார்த்து முடிந்ததும் அந்த லேயரை நீக்க மறக்க வேண்டாம்.

நகைகளை மூலப்படத்தோடு ஒப்பிடுங்கள். முகத்தில் பரு எடுக்கும்போது மூக்குத்தியின் கல்லோ நெற்றிச்சுட்டியின் ஒரு முத்தோ அதோடு போய்விடும். நமக்கு அது தெரியாமல் போகலாம், மணமகளின் அம்மாவுக்கு முதல் பார்வையிலேயே தெரியும்.

400% வரை போவது அவசியமில்லை. 6000 பிக்சலை 30 அங்குலத்தில் பரப்பினால் ஓர் அங்குலத்துக்கு 200 பிக்சல். ஒரு பிக்சல் தாளில் ஏறக்குறைய 0.13 மில்லிமீட்டர். சாதாரண 24 அங்குல முழு எச்டி ஸ்கிரீனில் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 92 பிக்சல்தான், ஆகவே 100%இல் நீங்கள் பார்ப்பது பிரிண்டைவிட இரு மடங்குக்கும் மேல் பெரிது. மாட்டப்போகும் அளவிலேயே பார்க்க விருப்பமென்றால் 46% அளவில் வையுங்கள், ஆனால் அதை வைத்து நுண்பிழை தேடக் கூடாது. உங்களுடையது பிக்சல் மிக நெருக்கமான புதுவகை ஸ்கிரீன் என்றால் 100% மிகச் சிறியதாகத் தெரியும், அங்கே 200%இல் பாருங்கள்.

இனி தாள். முழுப் படத்தையும் 6×4இல் சின்னதாகப் போட்டுப் பார்த்துவிட்டு ஓகே சொல்பவர்கள் பலர். அதில் நொய்ஸும் ஒட்டும் சுருங்கி மறைந்துவிடும், அந்தப் பிரிண்ட் பெரிய பிரிண்டைப் பற்றி அதிகம் சொல்லாது. பெரிய படத்தின் துண்டை அதே அளவில் வெட்டிப் போட வேண்டும். அங்குலத்துக்கு 200 என்பதால் 6×4 தாளில் 1200×800 பிக்சல் அடங்கும். முகமும் முடியும் சேரும் ஓரத்தில் ஒரு துண்டு, சேலை மடிப்பில் ஒரு துண்டு, வானத்தில் ஒரு துண்டு. மூன்றையும் அளவு மாற்றாமல் ஒரே தாளில் அடுக்குங்கள். கீழே ஓரத்தில் சின்னச் சதுரங்களாக RGB மதிப்பு 0, 5, 10, 15 என்று 40 வரை சாம்பல் படிகளை வையுங்கள். லாப்பில் கொடுக்கும்போது மூன்று விஷயம் சொல்லுங்கள்: பெரிய பிரிண்ட் போடும் அதே தாள், அதே மெஷின், அவர்கள் பக்கத்தில் நிறமோ வெளிச்சமோ திருத்தக் கூடாது. இதைச் சொல்லாவிட்டால் பல இடங்களில் மெஷின் தானாகவே திருத்திவிடும், உங்கள் டெஸ்ட் எதையும் காட்டாது.

வந்த துண்டைக் கடையின் டியூப் லைட்டில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பகலில் ஜன்னலோரம், நேர் வெயில் படாத இடத்தில் பாருங்கள். இங்க்ஜெட் பிரிண்ட் என்றால் காய்ந்து நிறம் நிலைக்கச் சில மணி நேரம் விடுங்கள். பிறகு மாட்டப்போகும் அறையின் லைட் மஞ்சளா வெள்ளையா என்று கேட்டு அதிலும் ஒருமுறை.

முதலில் சாம்பல் படிகளைப் பார்ப்பேன். 0, 5, 10, 15 நான்கும் ஒரே கறுப்பாகி, 20இல்தான் வித்தியாசம் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 20க்குக் கீழே உள்ள எதுவும் அந்தத் தாளில் வராது. கூறைச் சேலையின் உள்மடிப்புகளை Info பெனலில் அளந்தால் 8 முதல் 18 வரை காட்டுகிறது என்றால், ஸ்கிரீனில் அழகாகத் தெரிந்த மடிப்பெல்லாம் தாளில் ஒரே கறுப்புத் துண்டு. மேட் தாளில் கறுப்பின் ஆழம் குறைவு என்பதால் இருட்டுப் பகுதிகள் இன்னும் நெருங்கிவிடும். சேலைக்கு மட்டும் மாஸ்க் போட்டு Curves-இன் அடிப்பகுதியை உயர்த்தி, அந்த மடிப்புகளை 22க்கு மேலே கொண்டுவாருங்கள்.

இதோடு முடியாது. இருட்டைத் தூக்கினால் அதற்குள் ஒளிந்திருந்த நொய்ஸும் மேலே வரும். சேலை மேல் விழுந்த யாரோ ஒருவரின் நிழலை முன்பு அழித்திருந்தால், இருட்டில் தெரியாத அந்த ஒட்டின் ஓரம் இப்போது தெரியும். ஆகவே அந்த இடத்தை மட்டும் மறுபடி 100%இல் பாருங்கள், மூலை ஜன்னலில் சின்னப் படத்தையும் ஒரு பார்வை. சேலை வெளிறி முகத்தோடு போட்டி போட்டால் அளவு கூடிவிட்டது.

சேலையின் வெளிச்சமான பக்கத்தில் பிரச்சினை வேறு. Channels பெனலில் சிவப்புச் சானலை மட்டும் திறந்து பாருங்கள். பெரிய பரப்பு 255ஐத் தொட்டு வெறும் வெள்ளையாக நின்றால் அங்கே நெசவு பற்றிய தகவல் அந்தச் சானலில் இல்லை. ஸ்கிரீனில் அது பிரகாசமாக இருக்கும், தாளில் சிவப்புப் பெயின்ட் பூசினது போல் வரும். செறிவைக் குறைத்தால் ஓரளவு திரும்பும். முழுதாக வேண்டுமென்றால் ராவ் ஃபைலுக்குப் போய் எக்ஸ்போஷரைக் குறைத்து அந்தப் பகுதியை எடுத்து வர வேண்டும்.

துண்டு முழுவதுமே ஸ்கிரீனைவிட இருண்டிருந்தால் படத்தைத் தொடுவதற்கு முன் ஸ்கிரீனைச் சந்தேகியுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் வெற்றுத் தாளை ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் பிடித்து, ஸ்கிரீனில் ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, இரண்டு வெள்ளையும் ஒத்துவரும்வரை பிரைட்னஸைக் குறையுங்கள். வாங்கியபடியே விட்ட ஸ்கிரீன் பெரும்பாலும் தேவைக்கு மேல் பளிச்சென்று இருக்கும்.

துண்டை எறிய வேண்டாம். பின்பக்கம் தேதி, தாளின் வகை, எந்தப் படியில் கறுப்பு பிரிந்தது என்று எழுதி வையுங்கள். அதே தாளுக்குப் போகும் அடுத்த படத்தில் எடிட் தொடங்கும்போதே இருட்டுப் பகுதிகளை அந்த எண்ணுக்கு மேலே வைத்துக்கொள்ளலாம். லாப் மெஷினையோ தாளையோ மாற்றினால் மட்டும் புதிதாக ஒரு துண்டு போடுங்கள்.