39,200 எங்கே போனது?

*ஐயா, நான் தக்கலைப் பக்கம் ஒரு அஞ்சலகத்தில் போஸ்டல் அசிஸ்டென்ட். 2013 ஆகஸ்ட் 12-இல் வேலைக்குச் சேர்ந்தேன். பத்து வருஷம் முடிந்ததால் எம்.ஏ.சி.பி. என்ற, பதவி மாறாத ஊதிய உயர்வு கிடைத்து ஊதிய லெவல் 4-லிருந்து லெவல் 5-க்குப் போயிருக்கிறேன். 2023 ஜூலையில் என் அடிப்படைச் சம்பளம் 34,300. அது லெவல் 4-இல் பதினோராவது படி. லெவல் 5-இல் பதினோராவது படி 39,200 என்று இருக்கிறது. ஆனால் ஆபீசில் 35,900 போட்டிருக்கிறார்கள். 3,300 ரூபாய் குறைத்துவிட்டார்களா? ஆப்ஷன் கொடுக்கிறீர்களா என்று ஒரு தாளும் தந்தார்கள். ஆணை வந்து பத்து நாள் ஆகிறது. அடுத்து எல்.எஸ்.ஜி. பதவி உயர்வு வந்தால் இதேபோல் இன்னொரு முறை ஏறுமா?*
*– ஒரு வாசகி, தக்கலை*

உங்கள் ஆபீஸ் போட்ட 35,900 சரிதான், சகோதரி. யாரும் எதையும் குறைக்கவில்லை. படி எண்ணை வைத்து எண்ணியதுதான் உங்களைக் குழப்பிவிட்டது.

ஒரே லெவலுக்குள் எண்ணும்போது படி எண் நன்றாகவே உதவும். லெவல் 4-இல் 25,500 முதல் படி. ஒவ்வொரு ஜூலையும் ஒரு படி ஏறினால் 26,300, 27,100, 27,900 என்று வரும். ஒவ்வொன்றும் முந்தையதில் 3 சதவீதம் கூட்டி, பக்கத்து நூறுக்கு முழுமையாக்கிய தொகை. நீங்கள் சேர்ந்தது பழைய ஊதியக் குழுவின் காலம். அப்போது உங்கள் சம்பளம் கிரேடு பே சேர்த்து 9,910. இரண்டு இன்கிரிமென்ட் வாங்கி, புதிய ஊதியக் குழு வந்த 2016 ஜனவரி 1-இல் 10,520-இல் இருந்திருப்பீர்கள். அதை 2.57-ஆல் பெருக்கினால் 27,036. அதற்குச் சமமான படி லெவல் 4-இல் இல்லாததால் அடுத்த படியான 27,100-இல் வைத்தார்கள். அது மூன்றாவது படி. அதன்பின் 2016 ஜூலையிலிருந்து இந்த ஜூலை வரை எட்டு இன்கிரிமென்ட். மூன்றும் எட்டும் பதினொன்று, அதாவது 34,300. இதுவரை உங்கள் கணக்கில் ஒரு பிசகும் இல்லை.

பிசகு பக்கத்து லெவலுக்குத் தாவிய இடத்தில் நடந்தது. ஒரே சுவரில் சாய்த்த இரண்டு ஏணி, ஆனால் ஒன்று கொஞ்சம் உயரமான திண்ணையில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஏணியின் பதினோராவது படியிலிருந்து அந்த ஏணிக்கு மாறுகிறவர் தம் கால் இருக்கும் உயரத்திலோ அதற்கு அடுத்து மேலேயோ எந்தப் படி இருக்கிறதோ அதில்தான் மிதிப்பார். அது அங்கே பதினோராவதா என்று எண்ணிப் பார்க்க மாட்டார். ஊதிய விதியும் தொகையைத்தான் பார்க்கிறது, படி எண்ணைப் பார்ப்பதில்லை.

அந்த விதிக்கு இரண்டு அடிதான். முதலில் பழைய லெவலிலேயே ஒரு இன்கிரிமென்ட்: 34,300 என்பது 35,300 ஆகிறது. பிறகு லெவல் 5-இல் 35,300-க்குச் சமமான படி இருக்கிறதா என்று தேட வேண்டும். அங்கே படிகள் 33,900, 34,900, 35,900, 37,000 என்று போகின்றன. 35,300 இல்லை. அதனால் அடுத்து மேலே இருக்கும் 35,900. லெவல் 5-இல் அது எட்டாவது படி. பதினொன்றிலிருந்து எட்டுக்கு இறங்கியதுபோல் தோன்றினாலும் அடிப்படைச் சம்பளம் 1,600 ஏறியிருக்கிறது. இதில் ஆயிரம் ரூபாய் விதிப்படி வந்த இன்கிரிமென்ட். மீதி 600 ஏணி மாறும்போது உயரம் ஒத்துப்போகாததால் கிடைத்தது. இந்த இரண்டாவது பகுதி ஆளுக்கு ஆள் மாறும். அதனால் பக்கத்து இருக்கைக்காரருக்கு எவ்வளவு ஏறியது என்று ஒப்பிட்டுப் பார்த்து வருத்தப்பட வேண்டாம்.

கையில் வருவது 1,600-ஐவிடக் கூடுதலாக இருக்கும். 2023 ஜனவரி முதலான 42 சதவீதம் அகவிலைப்படியும் அப்போதைய 9 சதவீதம் வீட்டு வாடகைப்படியும் சேர்த்தால் 2,416. நீங்கள் புதிய ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பதால் அதற்கான பத்து சதவீதப் பிடித்தத்தில் 227 ரூபாய் கூடும். மாதத்துக்கு ஏறக்குறைய 2,190 கையில் நிற்க வேண்டும்.

சரி, அந்தத் தாளுக்கு வருவோம். நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனதுதான் எனக்கு இதில் முக்கியமாகப் படுகிறது. உங்கள் சம்பளத்தை ஆகஸ்ட் 12-ஆம் தேதியிலிருந்தே நிர்ணயிக்க வேண்டுமா, அடுத்த இன்கிரிமென்ட் தேதியான 2024 ஜூலை 1-இலிருந்து நிர்ணயிக்க வேண்டுமா என்று அதில் கேட்டிருப்பார்கள். பதில் சொல்ல ஆணைத் தேதியிலிருந்து ஒரு மாதம்தான் அவகாசம். ஒன்றும் எழுதித் தராவிட்டால் ஆகஸ்ட் 12 என்றே எடுத்துக்கொள்வார்கள். என் முதல் பதவி உயர்வில் நான் இந்தத் தாளை மேசை இழுப்பறையில் போட்டு மறந்தவன். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தபோது வயிறு எரிந்தது.

ஆகஸ்டையே எடுத்தால் இப்போது 35,900. அடுத்த ஜூலையில் 37,000. 2025 ஜூலையில் 38,100. 2026 ஜூலையில் 39,200.

அடுத்த ஜூலையைத் தேர்ந்தெடுத்தால் அதுவரை உங்களுக்கு இன்கிரிமென்ட் சேர்க்காமல், 34,300-க்கு மேலே லெவல் 5-இல் இருக்கும் அடுத்த படியான 34,900 மட்டும். மாதம் ஆயிரம் ரூபாய் குறைவு. ஜூலை 1 வந்ததும் லெவல் 4-இல் வருடாந்திர இன்கிரிமென்டையும் எம்.ஏ.சி.பி. இன்கிரிமென்டையும் சேர்த்து இரண்டு ஏற்றுவார்கள்: 35,300, 36,400. அதற்கு மேலே லெவல் 5-இல் 37,000. ‘இத்தனை மாதம் குறைத்து வாங்கி, கடைசியில் அதே 37,000 தானா?’ என்று பலர் இந்த இடத்தோடு கணக்கை நிறுத்திவிடுகிறார்கள். மீதிக் கதை அப்புறம்தான் இருக்கிறது.

2019 நவம்பரில் நிதி அமைச்சகம் ஒரு விளக்கம் தந்தது. இப்படி இன்கிரிமென்ட் தேதியைத் தேர்ந்தெடுத்தவர்கள் அந்தத் தேதியிலிருந்து ஆறு மாதம் வேலை பார்த்தால் போதும், அடுத்த இன்கிரிமென்ட் உண்டு. பிறகு வழக்கம்போல் வருடத்துக்கு ஒன்று. ஆக உங்களுக்கு 38,100 வருவது 2025 ஜூலையில் அல்ல, 2025 ஜனவரியிலேயே. 39,200 வருவது 2026 ஜனவரியில். உங்கள் இன்கிரிமென்ட் மாதமே ஜூலையிலிருந்து ஜனவரிக்கு மாறிவிடுகிறது. ஒவ்வொரு வருடமும் ஜனவரி முதல் ஜூன் வரை ஆறு மாதம் ஒரு படி முன்னால் இருப்பீர்கள்.

இப்போது இழப்பையும் லாபத்தையும் எதிரெதிரே வையுங்கள். ஆகஸ்ட் 12 முதல் ஜூன் 30 வரை மாதம் ஆயிரம் என்றால் இழப்பு அடிப்படையில் சுமார் 10,650. லாபம் 2025-இன் முதல் ஆறு மாதத்தில் 6,600. மீதம் ஏறக்குறைய 4,050. அதை 2026 ஜனவரியிலிருந்து மாதம் 1,100 வீதம் அடைத்தால் ஏப்ரலில் தீர்ந்துவிடும். அதற்குப் பின் வருவதெல்லாம் மிச்சம். உங்களுக்கு இன்னும் நெடுங்காலம் சர்வீஸ் இருக்கும் என்று நினைக்கிறேன். நானாக இருந்தால் ஜூலை 1-ஐ எழுதித் தருவேன். இரண்டு, மூன்று வருடத்தில் ஓய்வு பெறப்போகிறவர் என்றால் ஆகஸ்டையே எடுக்கச் சொல்லியிருப்பேன். வீட்டுக் கடனோ குழந்தை படிப்போ இந்த வருடம் இறுக்குகிறது என்றால் அதையும் யோசியுங்கள். அந்தக் கணக்கு உங்களுக்குத்தான் தெரியும். 35,900 ஏற்கெனவே சம்பளத்தில் வந்துவிட்டால், ஜூலையைத் தேர்ந்தெடுக்கும்போது கூடுதலாக வாங்கியதைப் பிடித்தம் செய்வார்கள். அதற்கும் தயாராக இருங்கள்.

ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். 34,900 என்ற தொகை இரண்டு வழியில் வரலாம். ஒன்று, நீங்கள் ஜூலையைத் தேர்ந்தெடுத்ததால். இன்னொன்று, இந்த ஜூலையின் இன்கிரிமென்டைப் பதியாமல் 33,300-இலிருந்து நிர்ணயித்துவிட்டதால். 33,300-க்கு ஒரு இன்கிரிமென்ட் சேர்த்தால் 34,300, அதற்கு மேலே லெவல் 5-இல் 34,900. எண் ஒன்றாக இருப்பதால் தவறு வெளியே தெரியாது. நிர்ணயத் தாளில் ‘கடைசியாக வாங்கிய ஊதியம்’ என்ற இடத்தில் 34,300 இருக்கிறதா என்று பாருங்கள். பணிப்பதிவேட்டிலும் ஜூலை 1 பதிவு இருக்க வேண்டும். அதேபோல் 2025 ஜனவரி சம்பளச் சீட்டையும் பாருங்கள். ‘போன ஜூலையில்தானே கொடுத்தோம்’ என்று அந்த இன்கிரிமென்டை விட்டுவிட வாய்ப்புண்டு. அந்த நவம்பர் 2019 கடிதத்தின் நகலையும் உங்கள் ஆப்ஷன் கடிதத்தின் நகலையும் கையோடு வைத்திருங்கள்.

எல்.எஸ்.ஜி. விஷயம் சுருக்கமானது. அதுவும் லெவல் 5 தான். எம்.ஏ.சி.பி. மூலம் அந்த லெவலின் பலனை நீங்கள் முன்கூட்டியே வாங்கிவிட்டதால், பதவி வரும்போது பொறுப்பும் பெயர்ப் பலகையும் மாறும், சம்பளம் மாறாது. அதற்காக வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். வாங்கிய எம்.ஏ.சி.பி.யைத் திரும்பப் பறிக்க மாட்டார்கள், ஆனால் அடுத்த எம்.ஏ.சி.பி. தள்ளிப்போகும். அடுத்த உண்மையான ஏற்றம் லெவல் 6-க்கு. எச்.எஸ்.ஜி. இரண்டாம் நிலைப் பதவி முன்னால் வந்தால் அதில், இல்லையென்றால் இருபது வருடம் முடியும் 2033 ஆகஸ்டில். அப்போதும் இதே இரண்டடிக் கணக்குதான், இதே ஒரு மாத அவகாசம்தான்.