4,500 ரூபாய் கேட்கும் இன்டர்ன்ஷிப் கடிதம்

விருதுநகரிலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். மகள் கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். கோடை விடுமுறையில் இன்டர்ன்ஷிப் முடித்துச் சான்றிதழ் கொண்டுவர வேண்டும் என்று துறையில் சொல்லிவிட்டார்கள். வாட்ஸ்அப் குரூப்பில் வந்த கூகுள் ஃபார்மை நிரப்பினாள். மறுநாளே ஆஃபர் லெட்டர் வந்துவிட்டது. பதிவுக் கட்டணமாக 4,500 ரூபாயை 24 மணி நேரத்துக்குள் கட்ட வேண்டும், பயிற்சி முடிந்ததும் திருப்பித் தரப்படும் என்கிறார்கள். "கட்டலாமா சார்? கட்டாமல் விட்டால் பிள்ளைக்கு ஒரு வருஷம் வீணாகிவிடுமோ?" என்று கேட்கிறார். கடிதத்தின் நகலையும் அனுப்பியிருந்தார்.

கட்ட வேண்டாம், ஐயா. அந்தக் கடிதத்தை வைத்தே காரணத்தைச் சொல்கிறேன். அடுத்த கடிதம் வரும்போது உங்கள் மகளே அதைப் படித்துப் பார்த்துக்கொள்ள முடியும்.

முதலில் வேலை என்ன என்று தேடினேன். 'சாஃப்ட்வேர் டெவலப்மென்ட் இன்டர்ன்' என்ற பதவிப் பெயர் இருக்கிறது. 'நிஜ புராஜெக்ட்டுகளில் பணியாற்றும் வாய்ப்பு' என்ற வரியும் இருக்கிறது. எந்த புராஜெக்ட், எந்த மொழியில் எழுத வேண்டும், யார் சொல்லிக்கொடுப்பார், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்பதெல்லாம் இல்லை. 'திறமைக்கேற்ப 15,000 ரூபாய் வரை' உதவித்தொகையாம். 'வரை' என்றால் பூஜ்யமும் அதற்குள் அடக்கம். ஒருவரை எடுப்பதற்கு முன் பத்து நிமிடமாவது பேசிப் பார்க்காத நிறுவனத்திடம், அவருக்குக் கொடுக்க வேலை இருக்கும் என்று நான் நம்புவதில்லை. உங்கள் மகளுக்கு என்ன தெரியும் என்று யாருமே கேட்கவில்லை.

அடுத்து, கடிதத்தின் அடியில் பொடி எழுத்தில் CIN என்று 21 இலக்க எண் ஒன்று இருக்கிறது. மத்திய அரசின் நிறுவனப் பதிவு எண் அது. நீங்கள் அனுப்பியது U72900TN2024PTC என்று தொடங்கி ஆறு இலக்கங்களில் முடிகிறது. U என்றால் பங்குச்சந்தையில் பட்டியலிடப்படாத நிறுவனம். அடுத்த ஐந்து இலக்கம் தொழில் வகை, TN மாநிலம், 2024 பதிவான ஆண்டு, PTC என்றால் பிரைவேட் லிமிடெட். ஆனால் கடிதத்தின் தலைப்பிலோ 'மென்பொருள் துறையில் 12 ஆண்டு அனுபவம்' என்று போட்டிருக்கிறார்கள்! எண் உண்மையானதா என்பதை mca.gov.in தளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடிப் பார்த்துக்கொள்ளலாம். உண்மையாகவே இருந்தாலும், பதிவான கம்பெனி என்பதற்கு மேல் அது எதையும் உறுதி செய்யாது. பதிவு செய்துவிட்டு ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள்.

எம்.எஸ்.எம்.இ., ஐ.எஸ்.ஓ. முத்திரைகளைப் பார்த்துத்தான் நீங்கள் தயங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உத்யம் என்கிற எம்.எஸ்.எம்.இ. பதிவு இலவசம், தொழில் செய்கிறவர் தன்னைப் பற்றித் தானே விவரம் கொடுத்து இணையத்தில் பெற்றுக்கொள்வது. பயிற்சியின் தரத்தை அங்கே யாரும் சோதிப்பதில்லை. ஐ.எஸ்.ஓ. 9001 ஒரு நிறுவனத்தின் நிர்வாக நடைமுறை பற்றியது. இரண்டுமே மாணவருக்கு வேலை கற்றுக்கொடுப்பார்கள் என்பதற்குச் சான்று ஆகாது.

இனி அந்த 4,500 ரூபாய்க்கு வருவோம். கட்டணம் கேட்டாலே மோசடி என்று நான் சொல்ல மாட்டேன். பி.எஸ்.என்.எல். போன்ற பொதுத்துறை நிறுவனமே இன்பிளான்ட் டிரெயினிங்குக்குக் கட்டணம் வாங்குகிறது. ஆனால் அங்கே அதைப் பயிற்சி என்றே சொல்கிறார்கள், கட்டணத்தை வெளிப்படையாக அறிவிக்கிறார்கள், பணம் நிறுவனத்துக்குப் போய் ரசீது வருகிறது. திருப்பித் தருவதாக யாரும் ஆசை காட்டுவதில்லை. உங்களுக்கு வந்திருப்பதில் யு.பி.ஐ. முகவரி ஒரு தனிநபரின் பெயரில் இருக்கிறது. 'திருப்பித் தரப்படும்' என்ற வரியை அடுத்து 'அனைத்து டாஸ்க்குகளும் திருப்திகரமாக முடித்தவர்களுக்கு' என்று ஒரு நிபந்தனை. திருப்தி யாருடையது என்று சொல்லத் தேவையில்லை.

பணம் கட்டினால் என்ன நடக்கும் என்பதும் எனக்குப் பழக்கப்பட்ட கதைதான். டெலிகிராம் குரூப்பில் சேர்ப்பார்கள். முதல் வேலை, ஆஃபர் லெட்டரை லிங்க்ட்இன்னில் போட்டு நிறுவனத்தை டேக் செய்வது. அது அவர்களுக்கு இலவச விளம்பரம். அதைப் பார்த்து வகுப்புத் தோழிகள் நாலு பேர் விண்ணப்பிப்பார்கள். பிறகு கால்குலேட்டர், டு-டூ லிஸ்ட், ஒரு லேண்டிங் பேஜ். மூன்றுக்கும் யூடியூபில் ஆயத்தமாக விடை இருக்கிறது. செய்ததைத் திறந்து பார்க்கவும் ஆள் கிடையாது. நடுவில், ஐந்து பேரைச் சேர்த்துவிட்டால் கட்டணத்தில் சலுகை என்று ஒரு செய்தி வரும். 'எச்.ஆர். இன்டர்ன்', 'மார்க்கெட்டிங் இன்டர்ன்' என்ற பெயரில் பல இடங்களில் நடப்பது இந்த ஆள் பிடிக்கும் வேலை மட்டும்தான். கடைசியில் சான்றிதழ் வரும், சில சமயம் அதற்கும் தனியாகப் பணம்.

சான்றிதழ் கிடைத்தால் போதாதா, கல்லூரி ஏற்றுக்கொள்ளுமே என்று மாணவர்கள் என்னிடம் வாதாடுவார்கள். கல்லூரி ஒருவேளை ஏற்றுக்கொள்ளும். இறுதியாண்டு கேம்பஸ் இன்டர்வியூவில் எதிரே இருப்பவர் சான்றிதழைக் கேட்க மாட்டார். "அங்கே நீ எழுதிய கோடு எதற்குப் பயன்பட்டது? என்ன பிழை வந்தது, எப்படிச் சரிசெய்தாய்?" என்பார். ரெஸ்யூமேயில் அந்த வரி இல்லாதிருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது.

இன்னும் சந்தேகம் இருந்தால், உங்கள் மகள் அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பட்டும். வாட்ஸ்அப் வேண்டாம், எழுத்தில் இருக்கட்டும். எனக்கு வழிகாட்டப்போகிறவரின் பெயர், பதவி என்ன? போன முறை வந்தவர்கள் எந்த புராஜெக்ட்டில் வேலை செய்தார்கள்? கட்டணத்தை என் முதல் மாத உதவித்தொகையில் பிடித்துக்கொள்ள முடியுமா? உண்மையாகவே உதவித்தொகை தருகிற இடத்துக்கு மூன்றாவது கேள்வியால் நஷ்டம் ஏதும் இல்லை. வழக்கமாக வரும் பதில், "இது கம்பெனி பாலிசி, இன்று மாலைக்குள் கட்டாவிட்டால் சீட் வேறொருவருக்குப் போய்விடும்" என்பதுதான்.

ஆதார் நகலை ஏற்கெனவே அனுப்பிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். யு.ஐ.டி.ஏ.ஐ. தளத்தில் பயோமெட்ரிக் லாக் போட்டுவிடுங்கள், ஓ.டி.பி. கேட்டு யார் அழைத்தாலும் சொல்ல வேண்டாம். அசல் மதிப்பெண் பட்டியலையோ கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையையோ எந்த இன்டர்ன்ஷிப்புக்கும் கொடுக்கக் கூடாது. அதே குரூப்பில் யாராவது பணம் கட்டி ஏமாந்திருந்தால் உடனே 1930-க்கு அழைத்து, cybercrime.gov.in தளத்திலும் புகார் பதியட்டும். பரிவர்த்தனையின் யு.டி.ஆர். எண்ணும் உரையாடலின் ஸ்கிரீன்ஷாட்டும் கையில் இருக்க வேண்டும். தாமதமானால் பணம் வேறு கணக்குகளுக்குக் கைமாறிவிடும்.

வருஷம் வீணாகாது, ஐயா. ஏ.ஐ.சி.டி.இ.-யின் இன்டர்ன்ஷிப் தளமான internship.aicte-india.org-இல் தேடலாம், அங்கே இருப்பதையும் இதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும். அதைவிட எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு. துறைத் தலைவரிடம் போனஃபைடு கடிதம் வாங்கிக்கொண்டு மதுரைக்குப் போகச் சொல்லுங்கள். இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் எல்காட் ஐ.டி. பூங்காக்கள் இருக்கின்றன, ஊருக்குள்ளும் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதுகிற சிறு நிறுவனங்கள் உண்டு. உதவித்தொகை தர முடியாது என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். அங்கே ஒரு மாதம் உட்கார்ந்து, ஜி.எஸ்.டி. ரிப்போர்ட்டில் வரும் ஒரு பிழையைச் சரிசெய்தாலும், இன்டர்வியூவில் சொல்ல அவளிடம் விஷயம் இருக்கும். வேலை நேரத்தையும் யாரின் கீழ் வேலை என்பதையும் லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்கிக்கொள்ளட்டும். கல்லூரி கேட்கப்போவதும் அந்தத் தாளைத்தான்.