இரண்டும் தண்ணீர் நிறம்தான்: இன்சுலின் பேனா, குப்பி பற்றிக் கேள்வி பதில்

மாத்திரைப்பெட்டி: தெளிவா இருந்தா சாப்பாட்டுக்கு முன்னாடி போடுறது, கலங்கலா இருந்தா மெதுவா வேலை செய்றது. பார்த்தாலே தெரியுதே, லேபிள் எதுக்கு மேடம்?

தெளிவான ரெகுலர், கலங்கலான என்.பி.எச் என்ற இரண்டு இன்சுலின் மட்டும் வீட்டில் இருந்தால் உங்கள் கணக்கு சரி. 2000ஆம் ஆண்டில் கிளார்ஜின் வந்ததும் அது உடைந்துவிட்டது. கிளார்ஜின் கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்க வேலை செய்யும்; ஆனால் தண்ணீர் மாதிரி இருக்கும். டெக்லுடெக்கும் அப்படித்தான். சாப்பாட்டோடு போடும் லிஸ்ப்ரோ, அஸ்பார்ட் இரண்டும் தண்ணீர் மாதிரியே இருக்கும். இன்று பலர் வைத்திருப்பது இந்த ஜோடியைத்தான்: வேகமானது ஒன்று, நீண்டது ஒன்று, இரண்டும் தெளிவு.

கலங்கல் பக்கமும் நம்பகமில்லை. என்.பி.எச்சும் கலங்கல், 30/70 கலவையும் கலங்கல். கலவையில் வேகமான பங்கு இருப்பதால் போட்டபின் சாப்பிட்டே ஆக வேண்டும். கலங்கலை வைத்து வேறு ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம்: தெளிவாக இருக்க வேண்டியது கலங்கியிருந்தால் அது கெட்டுவிட்டது, வீசிவிடுங்கள்.

பேத்தி: போன மாசம் தாத்தா ராத்திரி 24 யூனிட் கிளார்ஜினுக்குப் பதிலா அஸ்பார்ட் பேனாவில் 24 போட்டுட்டார். உடனே தெரிஞ்சிடுச்சு. ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணி குடுத்துத் தூங்க வெச்சோம். காலையில 72. சரியாத்தானே பண்ணினோம்?

இல்லை. தப்பித்தது அதிர்ஷ்டம். 70க்குக் கீழே போனாலே லோ சுகர். அவர் விளிம்பில் நின்றிருக்கிறார். இரவு நடுவில் எவ்வளவு இறங்கியது என்பது யாருக்கும் தெரியாது.

கணக்கைப் பாருங்கள். அஸ்பார்ட் கால் மணி நேரத்தில் வேலையைத் தொடங்கும், ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் உச்சம், ஐந்து மணி நேரம் வரை நீளும். ஒரு யூனிட் சுமார் 10 கிராம் மாவுச்சத்தைச் சமாளிக்கிறது என்று வையுங்கள் (ஆளுக்கு ஆள் மாறும்). 24 யூனிட்டுக்கு 240 கிராம் வேண்டும். நீங்கள் கொடுத்த டம்ளரில் 15, 20 கிராம் இருந்திருக்கும். அதற்கு மேல் தூங்கவும் வைத்தீர்கள். வியர்வை, நடுக்கம், உளறல் என்று உடம்பு கொடுக்கும் எச்சரிக்கை தூக்கத்தில் யார் கண்ணிலும் படாது.

மறுபடி நடந்தால், அறிகுறிக்காகக் காத்திருக்காமல் உடனே அவசர உதவியைக் கூப்பிடுங்கள். "அஸ்பார்ட், 24 யூனிட், இத்தனை மணிக்கு" என்று மூன்றையும் சொல்லுங்கள். இவ்வளவு பெரிய அளவுக்கு மருத்துவமனையில் நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்ற வேண்டி வரலாம். ஆள் வரும்வரை இனிப்புப் பானம், பிறகு சாப்பாடு. கால் மணிக்கு ஒருமுறை சோதனை. பக்கத்தில் ஒருவர் விழித்திருக்க வேண்டும். மயக்கமாக இருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறும். சர்க்கரையை ஏற்றும் மருந்தான குளுக்ககான் இருந்தால் அதைப் போடுங்கள். விட்டுப்போன கிளார்ஜினை எப்போது, எவ்வளவு போடுவது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். "அதையும் போட்டுவிடுவோம்" என்று நீங்களாக முடிவு செய்யக் கூடாது.

இரவுப்பணி: எனக்கு நேர்மாறா ஆச்சு. சாப்பாட்டு நேரத்துக்கு கிளார்ஜின் போட்டேன். ஒண்ணும் ஆகலை, அப்போ இது ஆபத்தில்லையே?

அன்றைய சாப்பாட்டுக்குப் பிறகு சோதித்தீர்களா? ஏறியிருக்கும். கிளார்ஜினுக்குக் கூர்மையான உச்சம் கிடையாது, அதனால் உடனே தெரியாது. இரவு வழக்கமான கிளார்ஜினையும் போட்டால் இரண்டும் மேலே மேலே சேர்ந்து, மறுநாள் வரை இறக்கிக்கொண்டிருக்கும். இரவு டோஸுக்கு முன்பே மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

நூல்கண்டு: நான் மூடி நிறத்தைப் பார்த்துத்தான் எடுக்கிறேன். இதுவரை தப்பலை.

மூடி கழன்று வருவது. இரண்டு பேனாவையும் திறந்து வைத்து ஒன்றின் மூடியை மற்றதில் மாட்டினால் போதும். லேபிள் பேனாவின் உடலில் இருக்கிறது, அதைப் படியுங்கள். குப்பிக்கும் இதே கதைதான்: பயன்படுத்திய குப்பியை வேறொன்றின் அட்டைப்பெட்டிக்குள் திருப்பி வைத்துவிடுவார்கள், அடுத்த முறை பெட்டியைப் படித்துவிட்டுக் குப்பியைப் படிக்க மாட்டார்கள். கார்ட்ரிட்ஜ் மாற்றும் பேனா என்றால் பேனாவின் நிறம் எதையும் சொல்லாது, உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜில்தான் பெயர்.

கட்டம்போட்டசட்டை: குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். எல்லா நிறுவனமும் வேகமானதுக்கு ஒரே நிறம்னு வெச்சுட்டா இந்தப் பிரச்சினையே இருக்காதே? சிரிஞ்சுல யூ-40க்குச் சிவப்பு மூடி, யூ-100க்கு ஆரஞ்சுன்னு இருக்கே!

இருக்கிறது, உதவவும் செய்கிறது. பேனாவில் நிறுவனத்துக்கு நிறுவனம் நிறம் மாறுகிறது. மருந்துக்கடையில் வேறு தயாரிப்பு கொடுத்தால் பழகிய நிறமே எதிரியாகிவிடும்.

கட்டம்போட்டசட்டை: அதனாலதான் பொதுவாக்கணும்கிறேன்.

நூல்கண்டு: பொதுவாக்கினா யாருமே படிக்க மாட்டாங்க. சிவப்பு பச்சை தெரியாதவங்க என்ன பண்ணுவாங்க? எங்க வீட்டிலேயே ஒருத்தர் இருக்கார்.

கட்டம்போட்டசட்டை: படிக்கிறவங்க அப்பவும் படிப்பாங்க. கண் மங்கினவங்களுக்கு நிறம்தானே மிச்சம்?

கண் மங்கியவருக்கு நிறத்தைவிட விரல் நம்பகம். வேகமான பேனாவில் ரப்பர் பேண்டு ஒன்று சுற்றுங்கள், மூடியில் வேண்டாம், உடலில். லேபிளையும் யூனிட் காட்டும் ஜன்னலையும் மறைக்காமல். புதுப் பேனா எடுக்கும்போது பெயரைப் படிக்கக்கூடிய ஒருவர்தான் அதைச் சுற்ற வேண்டும். பொது நிறம் பற்றி எனக்கே ஒரு பக்கம் சாய முடியவில்லை, நீங்கள் இருவரும் தொடருங்கள்.

குப்பிக்காரர்: பேனா தீர்ந்துபோச்சு, அவசரத்துக்குக் குப்பியில இருந்து எடுத்தேன். இருந்த சிரிஞ்சில 20 கோடு வரைக்கும். பேரு ஒண்ணுதான், அப்புறமும் சர்க்கரை ரொம்ப இறங்கிடுச்சு.

பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணைப் படிக்கவில்லை. யூ-100 என்றால் ஒரு மில்லியில் 100 யூனிட், யூ-40 என்றால் 40. யூ-40 சிரிஞ்சில் 20 கோடு என்பது அரை மில்லி. யூ-100 குப்பியிலிருந்து அரை மில்லி எடுத்தால் 50 யூனிட் உள்ளே போகிறது. உங்கள் கையில் இருந்த சிரிஞ்சின் மூடி சிவப்பா என்று பாருங்கள். திருப்பிப் போட்டால், அதாவது யூ-40 குப்பி, யூ-100 சிரிஞ்சு என்றால், 20க்குப் பதில் 8 யூனிட்தான் போகும்.

புதியவர்: யூ-300 பேனாவில் 24 போட மூன்றால் வகுக்கணுமா?

வேண்டாம். பேனாவே கணக்கிட்டுவிடுகிறது, ஜன்னலில் 24 என்றால் 24 யூனிட்தான். அதிலிருந்து சிரிஞ்சால் மட்டும் உறிஞ்சாதீர்கள்: யூ-100 சிரிஞ்சில் 24 கோடு வரை எடுத்தால் 72 யூனிட்.

அவசரம்: தெளிவா இருந்தா வேகமானதுதானே?

முதல் பதில்.

வெள்ளைத்தாள்: ரெண்டு பேனாவையும் ஒரே பையில வெக்கலாமா?

வைக்காமல் இருப்பது நல்லது. திறந்த கிளார்ஜின் யூ-100 பேனா அறை வெப்பத்தில் 28 நாள் இருக்கும். அதைப் படுக்கைப் பக்கமும், வேகமானதைச் சாப்பிடும் இடத்திலும் வையுங்கள். கையில் எடுக்கும்போது ஒருமுறை, அளவைத் திருகும் முன் ஒருமுறை, பெயரை வாய்விட்டுப் படியுங்கள். பாட்டு கேட்டுக்கொண்டே வேண்டாம்.

அவசரம்: அண்ணன் பேனாவை நான் புது ஊசி மாட்டிப் போட்டுக்கலாமா? ரெண்டும் ஒரே மருந்துதான்.

கூடாது. ரத்தம் கார்ட்ரிட்ஜுக்குள் பின்னேறலாம், ஊசி மாற்றினாலும். உங்கள் பேனாவில் உங்கள் பெயரை எழுதுங்கள்.

மாத்திரைப்பெட்டி: அப்போ 30/70ஐ எப்படிக் கலக்கணும்?

உள்ளங்கையில் பத்து முறை உருட்டி, பத்து முறை தலைகீழாகச் சாய்த்து, பால் போல ஒரே சீராக வரும்வரை. குலுக்காதீர்கள். உருட்டும் முன் லேபிளைப் படித்தீர்களா?