பயணப் படத்துக்குக் கதை எங்கே இருக்கிறது: கேட்டவர்களுக்குப் பதில்கள்

அக்கா, நண்பனோட கடலோரமா ஒரு நாள் சுத்தினதுல ஏகப்பட்ட கிளிப் இருக்கு. பாட்டுப் போட்டு அடுக்கினேன், யாரும் ஒரு நிமிஷத்துக்கு மேல பார்க்கல. அவன் கலங்கரை விளக்கம் ஏறணும்னுதான் கிளம்பினோம், அஞ்சு மணிக்கு மூடிட்டாங்க, அதுவும் போச்சு. இதுல கதைக்கு எங்க போறது?

கதையைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் கேள்வியே கேட்டிருக்கிறீர்கள். ஒருவன் உச்சிக்கு ஏற ஆசைப்படுகிறான், ஐந்து மணிக்குக் கதவை மூடிவிடுவார்கள். மூன்று, நான்கு நிமிடப் படத்துக்கு இது தாராளம். முதல் இருபது நொடிக்குள் இந்த இரண்டும் பார்ப்பவருக்குத் தெரிந்துவிட வேண்டும். "அஞ்சுக்குள்ள போயிடலாமா?" என்று அவர் வண்டியில் எங்காவது கேட்டிருப்பார், தேடிப் பாருங்கள்.

அப்புறம் ஒவ்வொரு கிளிப்பாக எடுத்து, இது அவரைக் கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறதா, இல்லை தாமதப்படுத்துகிறதா என்று பாருங்கள். இரண்டுமில்லை என்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் வெளியே போகட்டும். சாப்பிட உட்கார்ந்த இடம் உள்ளே வரும், ஏனென்றால் அங்கே நேரம் போகிறது. கோபுரம் மூன்று தடவை வரட்டும்: முதலில் விரல் அளவுக்குத் தூரத்தில், அடுத்து மரங்களுக்கு மேலே பாதி, கடைசியில் அண்ணாந்து பார்க்கும் உயரத்தில், கீழே பூட்டோடு. யாரும் வாய் திறக்காமலே தூரம் குறைவது புரிந்துவிடும்.

சூரியன் மறையும் ஷாட்டை முதலில் வைத்திருப்பீர்கள், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். அதைப் பூட்டுக்கும் அவர் முகத்துக்கும் பிறகு வையுங்கள். மேலே நின்று பார்க்க நினைத்ததை அவர் கீழே நின்று பார்க்கிறார் என்பது அப்போதுதான் தெரியும். முகத்தை எடுத்திருக்கிறீர்களா? பெரும்பாலும் காட்சியை எடுப்போம், அதைப் பார்ப்பவரை விட்டுவிடுவோம். இல்லையென்றால் பூட்டின் மேலேயே சில நொடி நின்று, அவர் குரலை மட்டும் கேட்க விடுங்கள்.

எந்த கேமரா வாங்கலாம்?

கையில் இருக்கும் போன் போதும். காசு இருந்தால் மைக் வாங்குங்கள்.

கிளிப் எப்படி இருந்தாலும் வாய்ஸ் ஓவர்ல கதையைச் சொல்லிட்டா வேலை முடிஞ்சுதுதானே?

பாதி சரி. கண்ணுக்குத் தெரியாததைக் குரல் சொல்லலாம்: ஏன் ஏற வேண்டும், யாருக்கு வாக்குக் கொடுத்தார் என்பது மாதிரி. "கதவு பூட்டியிருந்தது" என்று பூட்டைக் காட்டிக்கொண்டே சொல்வது வீண். எந்த இடத்துக்குப் போனாலும் முப்பது நொடி பேசாமல் நின்று அங்கிருக்கும் சத்தத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அடுத்த இடத்தின் சத்தம் ஒரு நொடி முன்னாலேயே கேட்டால் வெட்டு உறுத்தாது.

முகம் எடுக்கலன்னா மறுநாள் போய் பூட்டு முன்னாடி நிக்கவச்சு எடுத்துட்டா?

பூட்டை, கையை, செருப்பை மறுபடி எடுங்கள். ஏமாற்றத்தை நடிக்க வைக்காதீர்கள். அது ஏமாற்று, தவிர நடிக்கத் தெரியாதவர் முகத்தில் உடனே தெரிந்துவிடும்.

குறுக்கே வருகிறேன், மேடம். பூட்டை மறுநாள் எடுப்பதும் நடிப்புதானே? கோட்டை எங்கே போடுகிறீர்கள்?

நடந்த விஷயம் நடந்தபடியே இருக்கிறதா என்பதுதான் என் கோடு. பூட்டு அன்றும் அங்கே இருந்தது.

அவர் ஏமாற்றமும் அன்று இருந்ததே!

இருந்தது. ஆனால் மறுநாள் முகத்தில் இருப்பது அதுவல்ல.

நான் கல்யாண வீடியோ எடுக்கிறவன். தாலி கட்டின பிறகு "இன்னொரு தடவை மாலை மாத்துங்க" என்போம், யாரும் பொய் என்று சொன்னதில்லை.

அங்கே பார்ப்பவரும் செய்பவரும் ஒரே வீட்டார், அண்ணா. இங்கே பார்ப்பவருக்குத் தெரியாது. ஆனாலும் முந்தையவர் கேட்டதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன்.

டிரோன் ஷாட் இருந்தா எடுப்பா இருக்குமா? எந்த கேமரா நல்லது?

கேமரா பற்றி முன்பே சொல்லிவிட்டேன். டிரோன் எங்கே பறக்கிறது, யார் பார்வை அது? கதவு மூடியிருக்கும்போது நாம் மட்டும் மேலே பறந்து பார்த்துவிட்டால் நண்பரின் ஏக்கம் அங்கேயே செத்துவிடும்.

பாட்டோட பீட்டுக்கு வெட்டினா வேகமா இருக்குமே?

எல்லா ஷாட்டும் ஒரே நீளத்துக்கு வந்துவிடும், பூட்டுக்கு வேண்டிய ஐந்து நொடி கிடைக்காது. பாட்டில்லாமல் முதலில் வெட்டுங்கள். சலிப்பாக இருந்தால் வெட்டில்தான் கோளாறு.

தனியா போறேன். என்னை யார் எடுப்பாங்க?

போனை ஒரு சுவரில் சாய்த்துவைத்து, அதன் முன்னால் நடந்து போங்கள், திரும்பி வந்து எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டமான இடத்தில் வேண்டாம், போன் போய்விடும். நாளுக்கு நாலைந்து தடவை இப்படி எடுத்தால் போதும், மற்ற நேரம் உங்கள் கையும் நிழலும் தெரிகிற மாதிரி எடுங்கள். என்ன வேண்டும் என்று கிளம்பினீர்கள் என்பதை மட்டும் கிளம்புகிற அன்றே கேமராவைப் பார்த்துச் சொல்லிவிடுங்கள். திரும்பி வந்த பிறகு சொன்னால் முடிவு தெரிந்தவர் குரலாக இருக்கும்.