வேலையை விட்டவருக்கும் போனஸ் உண்டு: 21,000, 7,000 என்ற இரண்டு வரம்புகள்

கேள்வி: கோவையில் பம்ப் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தேன். அடிப்படைச் சம்பளம் 10,000, பஞ்சப்படி 5,200, வீட்டு வாடகைப்படி 4,300, மற்ற படிகள் 3,500 என மாதம் 23,000 ரூபாய் வாங்கினேன். 2024 டிசம்பர் இறுதியில் வேலையை விட்டேன். 2024-25க்குப் போனஸ் கேட்டால், "சம்பளம் 21,000க்கு மேல், அதோடு தீபாவளியன்று நீங்கள் வேலையில் இல்லை" என்கிறார்கள். சரியா?

பதில்: அவர்கள் சொல்லும் இரண்டு காரணங்களுமே சட்டத்தின் முன் நிற்காது. உங்களுக்குப் போனஸ் உண்டு.

2024-25ஆம் கணக்காண்டுக்குப் பொருந்துவது 1965ஆம் ஆண்டின் போனஸ் வழங்கல் சட்டம். மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டாதவர்களுக்கே போனஸ் என்று அது கூறுவது உண்மைதான். ஆனால் அச்சட்டத்தில் சம்பளம் என்பது அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் மட்டுமே. வீட்டு வாடகைப்படி, மற்ற படிகள், மிகைநேர ஊதியம் ஆகியவை அதில் சேரா. உங்கள் சம்பளச் சீட்டின் முதல் இரண்டு வரிகளைக் கூட்டினால் 15,200 ரூபாய்தான் வருகிறது. சீட்டின் அடியில் உள்ள மொத்தத் தொகையைப் பார்த்துத் தகுதியை மறுப்பது பல நிறுவனங்களில் நடக்கும் தவறு. ஊழியர்களும் அதை நம்பி விலகிவிடுவது எனக்கு மிகவும் வருத்தமளிக்கிறது.

வேலையை விட்டதும் தடையாகாது. கணக்காண்டில் குறைந்தது 30 வேலை நாட்கள் பணிபுரிந்திருந்தால் போதும். மோசடி, திருட்டு, பணியிடத்தில் வன்முறை, நாசவேலை போன்ற காரணங்களுக்காகப் பணிநீக்கம் செய்யப்பட்டவரே உரிமையை இழக்கிறார். தானாக ராஜினாமா செய்தவர் அந்தப் பட்டியலில் இல்லை.

இனி தொகைக்கு வருவோம். பெரும்பாலோர் குழம்புவது இங்கேதான், ஏனெனில் இங்கே இன்னொரு வரம்பு வருகிறது. தகுதிக்கு 21,000 ரூபாய் என்றால், கணக்கிடுவதற்கு 7,000 ரூபாய், அல்லது உங்கள் வேலைக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியம், இவற்றில் எது அதிகமோ அது. 2015இல் திருத்தப்பட்டபோது சேர்க்கப்பட்ட "எது அதிகமோ" என்ற அந்தச் சொற்களை விட்டுவிட்டு, எல்லோருக்கும் 7,000 என்றே கணக்குப் போடும் நிறுவனங்கள் உண்டு.

உங்கள் பணிக்கான குறைந்தபட்ச ஊதியம் மாதம் 12,400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் சம்பளம் அதைவிட அதிகம் என்பதால், 12,400 ரூபாயே சம்பளமாகக் கொள்ளப்படும். ஏப்ரல் முதல் டிசம்பர் வரை ஒன்பது மாதங்களுக்கு அது 1,11,600 ரூபாய். அதில் 8.33 சதவீதம், அதாவது சுமார் 9,296 ரூபாய், உங்களுக்கு வரவேண்டிய குறைந்தபட்ச போனஸ். 7,000 ரூபாயை வைத்துப் போட்டால் சுமார் 5,248 ரூபாய்தான் கிடைக்கும். எனவே உங்கள் தொழிலுக்கான குறைந்தபட்ச ஊதிய அரசாணையைத் தேடி, அந்த ஆண்டுக்கான தொகையைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

8.33 சதவீதம் என்பது ஆண்டுச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. நிறுவனம் நஷ்டத்தில் இருந்தாலும் இதைக் கொடுத்தாக வேண்டும். புதிதாகத் தொடங்கிய நிறுவனத்துக்கு மட்டும், முதல் ஐந்து ஆண்டுகளில் லாபம் வந்த ஆண்டுக்கே போனஸ் என்ற சலுகை உண்டு. லாபக் கணக்கின்படி ஒதுக்க வேண்டிய உபரி அதிகமாக இருந்தால் சதவீதமும் உயரும், ஆனால் 20 சதவீதத்தைத் தாண்டாது. உங்கள் கணக்கில் அந்த உச்சம் 22,320 ரூபாய். உங்களுடன் வேலை பார்த்தவர்களுக்கு அந்த ஆண்டு எத்தனை சதவீதம் கொடுத்தார்கள் என்று விசாரியுங்கள். அவர்களுக்கு 12 சதவீதம் என்றால், உங்களுக்கும் அதே சதவீதம்தான்.

தீபாவளி என்பது வழக்கம். சட்டம் சொல்லும் கெடு வேறு. கணக்காண்டு முடிந்து எட்டு மாதங்களுக்குள் போனஸ் தரப்பட வேண்டும். 2025 மார்ச் 31இல் முடிந்த ஆண்டுக்கு அது 2025 நவம்பர் 30. போதிய காரணம் காட்டி அரசிடம் நீட்டிப்பு வாங்கியிருந்தாலோ, போனஸ் தகராறு நிலுவையில் இருந்தாலோதான் அந்தத் தேதி தள்ளிப்போகும். பண்டிகைக்கு முன்பணமாக ஏதேனும் தந்திருந்தால் அதைக் கழித்துக்கொள்ளலாம்.

2025 நவம்பர் 21 முதல் ஊதியச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. அதிலும் 8.33, 20 என்ற சதவீதங்களும் எட்டு மாதக் கெடுவும் அப்படியே தொடர்கின்றன. சம்பள வரம்பை மட்டும் அரசு அறிவிக்கையில் நிர்ணயிக்கும்.

முதலில் நிறுவனத்துக்கு எழுத்துமூலம் கேளுங்கள். ஒன்பது மாதச் சம்பளச் சீட்டுகள், பணிவிடுப்புக் கடிதம் ஆகியவற்றின் நகல்களையும் மேலே சொன்ன கணக்கையும் இணைத்து, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தொழிலாளர் துறையின் உதவி ஆணையர் அலுவலகத்தில் மனு கொடுங்கள். போனஸ் சட்டம் இதற்குத் தந்த காலம், தொகை வரவேண்டிய நாளிலிருந்து ஓராண்டு. அதற்குள்ளாகவே மனுவைச் சேர்த்துவிடுங்கள்.