சாட்டில் பழகியவரை முதன்முறை நேரில் பார்க்கும்போது

கேள்வி: ஐந்து மாதமாக ஒருவருடன் சாட்டில் பேசுகிறேன். வரும் ஞாயிறு நேரில் சந்திக்கிறோம். டைப் செய்யும்போது சரளமாக வருகிறது, நேரில் வாயடைத்துப் போகுமோ என்று பயம். என்ன பேசுவது, படபடப்பை எப்படிக் குறைப்பது?

பதில்: சாட்டில் பதிலை யோசிக்க, அழித்துத் திருத்த நேரம் இருக்கிறது. நேர்ப் பேச்சில் ஒருவர் முடித்ததும் மற்றவர் தொடங்க ஆகும் சராசரி இடைவெளி ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான். அந்த வேகம் பழகவில்லை என்பதுதான் உங்கள் சிக்கல். அதனால் சனிக்கிழமைக்குள் பத்து நிமிடம் போனில் பேசிவிடுங்கள். குரலும் பேச்சின் வேகமும் அப்போதே பழகிவிடும்.

பேசுவதற்குப் புதிதாக எதையும் தேட வேண்டாம். பழைய சாட்டை மேலே தள்ளிப் பார்த்து, பாதியில் நின்ற மூன்று விஷயங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 'பாட்டி வீட்டை விற்கப் போகிறார்கள்' என்று அவர் ஒருநாள் எழுதியிருந்தார், பேச்சு வேறெங்கோ போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். 'வீட்டை வித்துட்டாங்களா?' என்று மட்டும் கேட்டால் 'ஆமா' என்பதோடு முடியும். 'அந்த வீட்டுல உங்களுக்குப் பிடிச்ச இடம் எது?' என்று கேளுங்கள். திண்ணை என்றால், அங்கே யார் உட்காருவார்கள் என்று அடுத்த கேள்வி அவர் பதிலிலிருந்தே வரும். ஆனால் கேட்டுக்கொண்டே போனால் இன்டர்வியூ மாதிரி ஆகிவிடும். இரண்டு கேள்விக்கு ஒருமுறை உங்கள் வீட்டுக் கதையையும் சொல்லுங்கள். இரண்டு முறை ஒற்றைச் சொல்லில் பதில் வந்தால் அந்த விஷயத்தை விட்டுவிடுங்கள், நோண்ட வேண்டாம்.

படபடப்புக்கு வருவோம். 'பதறாதே' என்று மனதை அதட்டினால் பெரும்பாலும் பலிக்காது. துடிக்கும் இதயத்தை உடனே அடக்குவது கஷ்டம், அதற்கு வேறு பெயர் வைப்பது எளிது. ஹார்வர்டு வணிகப் பள்ளியின் ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பாடுவதற்கும் மேடையில் பேசுவதற்கும் முன் 'உற்சாகமாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டவர்கள், அமைதியாக இருக்க முயன்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். நீங்களும் அப்படியே சொல்லிப் பாருங்கள். கை நடுங்கினால் நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். ஐந்து நிமிடம் போதும். மூச்சை வெளிவிடும்போதுதான் இதயத் துடிப்பு குறையும், அதனால்தான் அந்தப் பகுதி நீளம். தலை கிறுகிறுத்தால் நிறுத்திவிடுங்கள். ஏற்கெனவே படபடக்கிறவர் அன்று ஸ்ட்ராங் காபியைத் தவிர்ப்பது நல்லது, எலுமிச்சை ஜூஸ் சொல்லிக்கொள்ளலாம்.

எதிரெதிரே உட்கார்ந்தால் சின்ன மௌனம்கூடப் பெரிதாகத் தெரியும். புத்தகக் கடை, அருங்காட்சியகம் போன்ற ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் சேர்ந்து நடந்தால், கண்ணில் படுவதே பேச்சுக்கு உதவும். 'ஐந்து மணிக்குக் கிளம்பணும்' என்று முன்பே சொல்லி வையுங்கள். எங்கே, யாரைப் பார்க்கப் போகிறீர்கள் என்பது வீட்டிலோ தோழமையிலோ ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும்.